கணவரின் குடிக்கு நானே துணை போகிறேனா?

வாசகர் கடிதம்

எனக்கு 34 வயது. திருப்பூர் பக்கம் இருக்கிறோம். கணவருக்கு 40. பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். முன்பெல்லாம் சனிக்கிழமை சம்பளம் வாங்கினால் மட்டும் குடிப்பார். இரண்டு வருடமாகத் தினமும் குடிக்கிறார். இப்போது நாளைக்கு இரண்டு குவார்ட்டர். காலையில் கை நடுங்குகிறது, கொஞ்சம் குடித்தால்தான் கத்தரி பிடிக்க முடிகிறது என்கிறார். அதற்கு நானே பணம் கொடுக்கிறேன். திங்கட்கிழமைகளில் "காய்ச்சல்" என்று சூப்பர்வைசருக்கு நான்தான் போன் செய்கிறேன். என் மூன்று பவுன் செயின் அடகில் இருக்கிறது. மகளிர் குழுக் கடனும் என் பெயரில்தான். மூன்று வருடத்துக்கு முன் சபரிமலைக்கு மாலை போட்டு 48 நாள் தொடவே இல்லை. அதனால் மனம் வைத்தால் முடியும் என்கிறார் மாமியார். போன ஆடியில் நான் அழுது கேட்டதால் ஒரேயடியாக நிறுத்தினார். இரண்டாம் நாள் வலிப்பு வந்தது. ஏதோ காற்று கருப்பு என்று மந்திரித்தோம். மறுபடி ஆரம்பித்துவிட்டார். ஆட்களோடு வந்து வேனில் ஏற்றிப் போதை மறுவாழ்வு மையத்தில் விட்டுவிடலாம் என்கிறார் அண்ணன். தோழி ஒருத்தி சாப்பாட்டில் கலக்கச் சொல்லி ஒரு பொடி தந்திருக்கிறாள். குடிக்காதபோது தங்கமான மனிதர். போதையில் இரண்டு முறை என்னைப் பிடித்துத் தள்ளியிருக்கிறார். 11 வயதில் மகள், 6 வயதில் மகன். நான் அவருக்கு உதவுகிறேனா, கெடுக்கிறேனா?

மனநல மருத்துவரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விக்கு வருவதற்கு முன் அந்த வலிப்பைப் பற்றிப் பேசியாக வேண்டும். கடிதத்தில் அதை ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. தினமும் அதிகமாகக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளைக்குள் வலிப்பு வரலாம். மதுவின் மந்தத்துக்கு ஈடுகொடுத்து மூளை எப்போதும் முறுக்கேறிய நிலையில் வேலை செய்து பழகிவிடுகிறது. மது திடீரென்று இல்லாமல் போகும்போது அந்த முறுக்கு மட்டும் மிஞ்சுகிறது. முதல் நாளில் நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, குமட்டல் வரும். அதைத் தொடர்ந்து சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாத பூச்சியைத் தட்டிவிடுவார்கள், இல்லாத ஆளோடு பேசுவார்கள். காய்ச்சலும் படபடப்பும் சேர்ந்துகொள்ளும். அந்த நிலையை வீட்டில் வைத்துப் பார்த்தால் உயிர் போகலாம்.

உங்கள் கணவருக்கு வந்தது காற்றும் இல்லை, கருப்பும் இல்லை. மதுவை நிறுத்தியதால் வந்த வலிப்பு என்றே சந்தேகிக்கிறேன். வேறு காரணம் உண்டா என்பதை மருத்துவர் சோதித்துச் சொல்ல வேண்டும். ஒருமுறை இப்படி வந்தவருக்கு அடுத்த முறை நிறுத்தும்போது மீண்டும் வருவதற்கும், இன்னும் கடுமையாக வருவதற்கும் வாய்ப்பு அதிகம். அதனால் இனி அவர் குடியை நிறுத்துவது மருத்துவக் கண்காணிப்பில்தான் நடக்க வேண்டும். உங்கள் அழுகைக்காகவோ, குலதெய்வத்தின் மேல் சத்தியத்துக்காகவோ, அறையில் பூட்டி வைத்தோ நிறுத்த வைக்காதீர்கள். அந்த வலிப்புக்கு நீங்கள் காரணம் என்ற குற்ற உணர்ச்சியும் வேண்டாம். இப்படி ஒன்று நடக்கும் என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

மாலை போட்டபோது முடிந்ததே?

மாமியார் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் அவர் வாரம் ஒருமுறை குடித்துக்கொண்டிருந்தார். அப்போது உடல் மதுவுக்கு அடிமைப்பட்டிருக்கவில்லை. விரதம் அவருக்கு ஓர் ஒழுங்கைத் தந்தது. விடியலில் எழுந்து குளிப்பது, குருசாமியோடு பஜனை, மரக்கறிச் சாப்பாடு, தெருவே "சாமி" என்று அழைப்பது, கூடவே இத்தனை நாள் என்ற எல்லை. அந்த 48 நாள் அவருக்கு மனவுறுதி இருந்ததைக் காட்டுகிறது. இன்று காலையில் கை நடுங்குவது அவர் உடல் மாறிவிட்டதைக் காட்டுகிறது. இரண்டும் உண்மை.

இன்றைய அளவையும் பார்த்துவிடுவோம். ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. நம் ஊர்க் கடைகளில் விற்கும் பிராந்தியிலும் ரம்மிலும் 42.8 சதவீதம் ஆல்கஹால். கணக்குப் போட்டால் ஒரு குவார்ட்டரில் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது, இரண்டில் 120 கிராம். ஆண்களுக்கு ஒரு நாளைக்கு 100 கிராமைத் தாண்டினாலே அதை மிக அதிக ஆபத்துள்ள அளவாக உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்துகிறது. டாஸ்மாக் கடை மதியம் 12 மணிக்குத்தான் திறக்கும். அதற்கு முன்பே அவருக்குத் தேவைப்படுகிறது என்றால், இரவே எடுத்து வைக்கிறார் அல்லது கூடுதல் விலைக்குக் கள்ளத்தனமாக வாங்குகிறார். நாளைய காலைக்கென்று ஒருவர் எடுத்து வைக்கத் தொடங்கிவிட்டால், அதைக் கெட்ட பழக்கம் என்று மட்டும் சொல்லி விட முடியாது. அது சிகிச்சை தேவைப்படும் நோய்.

இதில் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. கார்த்திகை முதல் தேதியில் மாலை போட்டு நிறுத்திவிடுகிறேன் என்று அவரே சொல்லலாம். உங்களுக்கும் மகிழ்ச்சியாக இருக்கும். இன்றைய நிலையில் மாலை போட்ட மறுநாளோ அதற்கு மறுநாளோ அவர் வலிப்பில் விழக்கூடும். முதலில் மருத்துவமனையில் மதுவை உடலிலிருந்து இறக்கிவிட்டு, அதன் பிறகு மாலை போடட்டும். அப்படிச் செய்தால் அந்த விரதத்தின் ஒழுங்கு, சிகிச்சை முடிந்து வந்த முதல் மாதங்களில் அவருக்குப் பெரிய துணையாக இருக்கும்.

பொடி, வேன்

தோழி தந்த பொடியை இன்றே குப்பையில் போட்டுவிடுங்கள். இப்படி விற்கப்படும் பொடிகளில் என்ன இருக்கிறதென்று வாங்குபவருக்குத் தெரிவதில்லை. குடியை வெறுக்க வைக்கிறது என்று சொல்லி ரகசியமாகக் கலக்கக் கொடுப்பவற்றில் டைசல்ஃபிராம் இருக்கலாம் என்ற கவலை மருத்துவர்களுக்கு எப்போதும் உண்டு. டைசல்ஃபிராம் நல்ல மருந்துதான். ஆனால் அதைச் சாப்பிடுபவர், "இது உடம்பில் இருக்கும்போது குடித்தால் ஆபத்து" என்று தெரிந்து, சம்மதித்துச் சாப்பிட வேண்டும். தெரியாமல் சாப்பிட்டவர் வழக்கம்போல் ஒரு குவார்ட்டர் போட்டால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து விழுவார். இதயம் பலவீனமானவர் என்றால் உயிரே போகலாம். கடைசி மாத்திரைக்குப் பிறகு இரண்டு வாரம் வரைகூட இந்த ஆபத்து நீடிக்கும். வலிப்பு வந்தவருக்கு இந்த மருந்தைக் கொடுக்க மருத்துவர்களே யோசிப்பார்கள். சாப்பாட்டில் எதையோ கலந்தீர்கள் என்று பின்னால் தெரிந்தால், அடுத்து நீங்கள் கொடுக்கும் நல்ல மருந்தையும் அவர் வாயில் வைக்கமாட்டார்.

உங்கள் அண்ணனின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் வேன் வேண்டாம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மதுவால் வரும் மனநலக் கோளாறுகளையும் மனநோய்க்குள் அடக்குகிறது. அந்தச் சட்டப்படி ஒருவர் தானாக வந்து சேர்வதுதான் பொது வழி. அவரால் முடிவெடுக்க முடியாத நிலையில், தனக்கோ பிறருக்கோ தீங்கு விளைவிக்கும் அபாயம் இருந்தால், சட்டம் அங்கீகரிக்கும் பிரதிநிதி விண்ணப்பிக்க, இரு நிபுணர்கள் தனித்தனியே பரிசோதித்து, பதிவு பெற்ற மனநல நிலையத்தில் குறிப்பிட்ட நாளுக்குச் சேர்க்கலாம். இரவில் நான்கு பேர் கையைக் காலைக் கட்டித் தூக்கிச் செல்ல எந்தச் சட்டமும் இடம் தரவில்லை. சங்கிலியால் கட்டுவதை அதே சட்டம் வெளிப்படையாகத் தடை செய்கிறது. இதைவிடப் பெரிய கவலை மருத்துவ ரீதியானது. மருத்துவரோ செவிலியரோ இல்லாத ஒரு மையத்தில் அவரைப் பூட்டி வைத்தால், மது நின்ற இரண்டாம் நாள் வலிப்பு வரும்போது பார்க்க ஆளிருக்காது. எந்த மையமாக இருந்தாலும் முதலில் மூன்று கேள்விகள் கேளுங்கள். அரசிடம் பதிவு பெற்றிருக்கிறீர்களா, இரவில் மருத்துவர் அல்லது செவிலியர் இருக்கிறாரா, சேர்த்த முதல் வாரத்தில் நான் வந்து பார்க்கலாமா? மூன்றாவது கேள்விக்கு முகம் சுளித்தால் அங்கே விடாதீர்கள்.

உதவிக்கும் துணை போவதற்கும் கோடு எங்கே?

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். "குடிப்பவருக்கு எதையும் செய்யாதே, பட்டால்தான் திருந்துவான்" என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதை முழுதாக நம்பாதீர்கள். உயிருக்கு ஆபத்தான விளைவிலிருந்து அவரைக் காப்பாற்றுவது உங்கள் பொறுப்பு. வெட்கம், கடன், சம்பள இழப்பு, சூப்பர்வைசரின் திட்டு ஆகியவை குடியால் அவர் சம்பாதித்தவை. அவற்றை நீங்கள் இடையில் புகுந்து வாங்கிக்கொள்ளும்போது, குடியின் விலையை அவருக்குப் பதில் நீங்கள் கட்டுகிறீர்கள். அவர் நிறுத்தவோ சிகிச்சைக்கு வரவோ அவருக்கான காரணம் ஒவ்வொன்றாகக் கழிந்து போகிறது.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் காலைப் பாட்டிலுக்கான பணம் எந்தப் பக்கம்? நீங்கள் எதிர்பார்க்கும் பதிலாக இது இருக்காது. அதை நாளைக்கே நிறுத்தாதீர்கள். நடுக்கத்தோடு இருப்பவருக்கு முழுவதுமாக மது கிடைக்காமல் செய்வது வலிப்பை வரவழைக்கும். ஒளித்து வைப்பது, சாக்கடையில் கொட்டுவது, தண்ணீர் கலப்பது எதுவும் வேண்டாம். ஆனால் மாதக் கணக்கில் இப்படியே கொடுத்துக்கொண்டும் இருக்க முடியாது. "மருத்துவமனைக்குப் போகும் நாள் வரைக்கும்தான் இது" என்று சொல்லிக் கொடுங்கள். அந்த நாளைச் சில நாட்களுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஒருவேளையாவது வயிறாரச் சாப்பிட வையுங்கள். தொடர்ந்து குடிப்பவர்களுக்கு உடலில் தயாமின் என்ற பி1 வைட்டமின் வற்றிப்போயிருக்கும். அதை ஊசியாகவா மாத்திரையாகவா கொடுப்பது என்று மருத்துவர் முடிவு செய்வார்.

திங்கட்கிழமை போனை இந்த வாரமே நிறுத்தலாம். ஆனால் பழிவாங்குவதுபோல் அவருக்குத் தெரியாமல் நிறுத்தாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பகலில், அவர் நிதானமாக இருக்கும் நேரத்தில், "நாளை எழுந்திருக்க முடியாவிட்டால் நீங்களே போன் செய்யுங்கள், இனி நான் பொய் சொல்ல மாட்டேன்" என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். திங்கட்கிழமை சூப்பர்வைசர் உங்களுக்கே அழைத்தால், "அவரையே கேளுங்கள், போனைக் கொடுக்கிறேன்" என்று கொடுத்துவிடுங்கள். அவர் குடித்திருப்பதாக நீங்கள் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. ஒரு நாள் கூலி போகும். வேலைக்கே ஆபத்து வரலாம் என்று பயப்படுவீர்கள். உங்கள் வீட்டுக்கு அது சின்ன இழப்பு இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் கட்டிங் மேசையில் நடுங்கும் கையோடு வெட்டுக்கத்தி இயந்திரத்தைப் பிடிப்பவருக்கு வேலை போவதைவிட விரல் போகும் ஆபத்து பெரியது. அவர் சம்மதித்துச் சிகிச்சைக்குச் சேரும்போது, அவர் அனுமதியோடு, "உடல்நிலை சரியில்லை, மருத்துவமனையில் சேர்ந்திருக்கிறார்" என்று கம்பெனிக்கு நீங்கள் தாராளமாகச் சொல்லலாம். அப்போது அது பொய்யாகவும் இருக்காது.

எதை நிறுத்தக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாசலில் விழுந்து கிடந்தால் "கிடக்கட்டும்" என்று கதவைச் சாத்தாதீர்கள். உள்ளே கொண்டுவந்து ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மல்லாந்து படுத்தால் வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போகும். காலையில் வாந்தியை அவரே கழுவட்டும். வண்டிச் சாவியை, அவர் போதையில் இருக்கிறார் என்றால், சண்டை வந்தாலும் கொடுக்காதீர்கள். சண்டை கைமீறிப் போகும் என்றால் விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுங்கள். பிள்ளைகளின் சாப்பாடு, பள்ளிக் கட்டணம், வீட்டு வாடகை ஆகியவை அவர் குடிக்கு நீங்கள் கொடுக்கும் துணை ஆகாது. அவற்றைச் செய்வதற்காக உங்களைக் குறைசொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

மகளைப் பற்றி ஒரு வார்த்தை. அப்பாவைத் தேடி பார் வாசலுக்கு அனுப்புவது, பாட்டிலை ஒளிக்கச் சொல்வது, "அப்பா என்ன சொன்னார்" என்று உளவு கேட்பது எதுவும் நடக்க வேண்டாம். "அப்பாவுக்கு மதுவால் வந்த நோய், அதைச் சரிசெய்ய வேண்டியது பெரியவர்கள்" என்று சொன்னால் 11 வயதுப் பிள்ளைக்குப் புரியும்.

எப்போது, எப்படிப் பேசுவது?

போதையில் இருப்பவரிடம் பேசுவது வீண். காலை நடுக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதும் வீண், அவர் கவனமெல்லாம் அடுத்த மடக்கில் இருக்கும். ஏதோ நடந்துவிட்டு அவரே வருந்தும் நேரம்தான் சரியான நேரம். பிள்ளையின் பள்ளி விழாவுக்குப் போக முடியாமல் போன மறுநாள், கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து அவரே எதையோ முணுமுணுத்த காலை, வயிற்று வலியால் சுருண்டு படுத்த மதியம். அப்போது நான்கே வாக்கியம் போதும்:

"நேற்று நீங்கள் வராததால் பாப்பா தூங்காமல் காத்திருந்தாள். எனக்கும் பயமாக இருந்தது. கை நடுங்குவது உங்கள் தவறில்லை, அதற்கு மருந்து இருக்கிறது. புதன்கிழமை பெரியாஸ்பத்திரிக்கு உங்களோடு நானும் வருகிறேன், வருவீர்களா?"

இதில் 'நீங்கள் எப்போதும்', 'உங்கள் குடும்பமே இப்படித்தான்' எதுவும் இல்லை. இனி குடிக்கவே மாட்டேன் என்று சத்தியம் கேட்கவும் இல்லை. கேட்டது ஒரே ஒரு நாள், ஒரே ஒரு பயணம். "வேண்டாம்" என்று சொன்னால், "சரி, பிறகு பேசுவோம்" என்று எழுந்து வேலையைப் பாருங்கள். அடுத்த முறை இன்னும் எளிதாக இருக்கும்.

இது வெறும் அனுபவ அறிவுரை இல்லை. குடிப்பவரை விட்டுவிட்டு அவர் மனைவிக்கோ தாய்க்கோ பயிற்சி தரும் 'கிராஃப்ட்' என்ற முறை ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் ராபர்ட் மேயர்ஸ் உருவாக்கியது. சிகிச்சையே வேண்டாம் என்று மறுப்பவர்களின் குடும்பத்தாரை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 1999-இல் வெளிவந்தது. உறவினர்கள் கூடி நெருக்கடி கொடுத்துச் சேர்க்கும் வழியில் சுமார் 30 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வந்தார்கள். 'கிராஃப்ட்' பயிற்சி பெற்ற குடும்பங்களில் 64 சதவீதம் பேர் வந்தார்கள். உங்கள் அண்ணனிடம் இந்த இரண்டு எண்களையும் சொல்லிப் பாருங்கள்.

அந்த முறையின் உயிர்நாடி ஒன்றுதான். குடிக்காத நேரத்தை இனிமையாக்குவது, குடித்த நேரத்தில் அந்த இனிமையைச் சத்தமில்லாமல் விலக்கிக்கொள்வது. ஒரு நாள் மாலை அவர் குறைவாகக் குடித்துவிட்டோ குடிக்காமலோ நேராக வீட்டுக்கு வந்தால், அன்று பார்த்து அடகுச் சீட்டை எடுத்துக்கொண்டு உட்காராதீர்கள். அவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறுங்கள், பிள்ளைகளோடு கேரம் ஆட விடுங்கள். குடித்துவிட்டு வந்தால், "சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், நாளை பேசலாம்" என்று பிள்ளைகளோடு வேறு அறைக்குப் போய்விடுங்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. குடித்த இரவில் இரண்டு மணி நேரம் அழுது சண்டை போடுகிறோம், குடிக்காத மாலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறோம்.

பணமும் கையெழுத்தும்

கணவர் தனியாக வாங்கிய கடனுக்கு, மனைவி என்ற ஒரே காரணத்தால் நீங்கள் சட்டப்படி பொறுப்பாளி ஆகமாட்டீர்கள். ஜாமீன் கையெழுத்தோ இணைக் கடன்தாரர் கையெழுத்தோ போட்டால் முழுக் கடனும் உங்கள் தலையிலும் விழும். இந்திய ஒப்பந்தச் சட்டப்படி ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம். எனவே இனி எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். பார் பாக்கியையும் கைமாற்றையும் நீங்கள் போய் அடைக்காதீர்கள். கேட்டு வருபவரிடம் "அவர் வாங்கியது, அவரிடம் கேளுங்கள்" என்று சொல்லுங்கள். மகளிர் குழுக் கடன் உங்கள் பெயரில் இருப்பதால் அதை நீங்கள்தான் கட்ட வேண்டும், தவணை தவறினால் குழுவில் மற்றப் பெண்களும் சிரமப்படுவார்கள். அதற்கு முதலிடம் கொடுங்கள். அவர் பொருட்டு இரண்டாவது குழுக் கடன் வேண்டாம்.

சம்பளத்தை மனைவி கையில் கொடுக்கும்படி கம்பெனியைக் கட்டாயப்படுத்த வழியில்லை. அவர் நிதானமாக இருக்கும்போது அவரே ஒப்புக்கொண்டு, ஒரு பகுதியை உங்கள் கணக்குக்கு அனுப்ப ஏற்பாடு செய்யலாம். சனிக்கிழமை மாலை கம்பெனி வாசலில் போய் நிற்பதைவிட இது மரியாதையானது, நீடிக்கவும் செய்யும்.

போதையில் தள்ளிய அந்த இரண்டு முறைகளை நீங்கள் சிறிதாக எழுதியிருக்கிறீர்கள். நான் அப்படி எடுத்துக்கொள்ள மாட்டேன். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் போதையை விதிவிலக்காகப் பார்ப்பதில்லை. அந்தச் சட்டத்தில் உங்கள் நகையைப் பறித்து விற்பதும் பொருளாதார வன்முறையில் சேரும். பாதுகாப்பு ஆணையும் அதே வீட்டில் குடியிருக்கும் உரிமையும் கேட்கலாம், அதற்காக விவாகரத்துக் கேட்க வேண்டியதில்லை. மாவட்டச் சமூக நல அலுவலகத்தின் பாதுகாப்பு அலுவலரை அணுகலாம், 181 என்ற பெண்கள் உதவி எண்ணையும் அழைக்கலாம். ஒரு சின்னப் பையில் ரேஷன் கார்டு, ஆதார், பிள்ளைகளின் சான்றிதழ்கள், கொஞ்சம் பணம் எடுத்து அம்மா வீட்டில் வைத்துவிடுங்கள். பயந்து ஓட வேண்டிய இரவில் அதைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. "குடிக்காதபோது தங்கமானவர்" என்பது உண்மையாக இருக்கலாம். மூன்றாவது முறை தள்ளும்போது சுவரில் உங்கள் தலை மோதினால் அந்த உண்மை உங்களைக் காப்பாற்றாது.

மருத்துவமனையில் என்ன நடக்கும்?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. வலிப்பு வந்தவர் என்பதால் உள்நோயாளியாகவே சேர்க்கச் சொல்வார்கள், நானும் அதையே சொல்வேன். பெரும்பாலும் ஒரு வாரம், சிலருக்குப் பத்து நாள். டயஸெபாம், லோராஸெபாம், குளோர்டயஸெபாக்சைடு போன்ற மருந்து ஒன்றை முதலில் தேவையான அளவு கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்து நிறுத்துவார்கள். கல்லீரல் பாதிப்பு தெரிந்தால் லோராஸெபாம் தேர்வு செய்வார்கள். "ஒரு போதைக்கு இன்னொரு போதை" என்று உறவினர்கள் பேசுவார்கள். சரியாகக் குறைத்து நிறுத்தினால் அப்படி ஆகாது, வலிப்பையும் அது தடுக்கிறது. வீட்டுக்கு வந்த பிறகு அந்த மாத்திரையை மருந்துக் கடையில் நீங்களாக வாங்கித் தொடரக் கூடாது.

நடுக்கம் நின்றதும் பலர் "சரியாகிவிட்டேன்" என்று வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். அப்போதுதான் பாதி வேலை முடிந்திருக்கும். ஏக்கத்தைக் குறைக்க நால்ட்ரெக்சோன் அல்லது அகாம்ப்ரோசேட் என்ற மருந்தை மாதக் கணக்கில் தருவார்கள். கல்லீரலையும் சிறுநீரகத்தையும் பார்த்து எது என்று முடிவாகும். மாத்திரையைத் தினமும் உங்கள் கையால், அவர் ஒப்புதலோடு, காலைக் காப்பியோடு கொடுப்பது நல்ல ஏற்பாடு. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் தமிழில் நடக்கின்றன. அவற்றோடு தொடர்புடைய அல்-அனான் கூட்டங்கள் உங்களைப் போன்ற குடும்பத்தாருக்கானவை.

முதல் மூன்று மாதத்தில் மறுபடி ஒரு நாள் குடிக்க நேரலாம். குறிப்பாகச் சனிக்கிழமை மாலை, தீபாவளி போனஸ் நாள், துக்க வீடு. அப்படி நடந்தால் "எல்லாம் போச்சு" என்று உட்கார்ந்துவிடாமல் மறுநாளே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். குடித்தது ஒரு நாளோடு நின்றால் அது சறுக்கல். ஒரு வாரம் தொடர்ந்தால் மறுபடி உள்நோயாளியாகச் சேர வேண்டியிருக்கலாம், தானாக நிறுத்தச் சொல்லாதீர்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

அவர் வர மறுத்தாலும் நீங்கள் முதலில் தனியாக மனநலப் பிரிவுக்குப் போங்கள். நோயாளி இல்லாமல் மனைவி வந்து பேசுவது அங்கே புதிதில்லை. வலிப்பு எந்த மாதம் வந்தது, குடி நிறுத்தி எத்தனையாவது மணி நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது, கீழே விழுந்து தலையில் அடிபட்டதா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். போகும் முன் பேச வேண்டுமென்றால் போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் எண் 14416. இரண்டும் இலவசம்.

வலிப்பு, ரத்த வாந்தி, கரிபோன்ற மலம், கண் மஞ்சளாவது, தட்டி எழுப்பியும் எழாத தூக்கம், இல்லாததைப் பார்த்துப் பேசுவது, நடை தள்ளாடிப் பார்வை இரண்டாகத் தெரிவது, இவற்றில் ஒன்று வந்தாலும் யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள். வலிப்பின்போது வாயில் எதையும் திணிக்காமல், கையில் இரும்பைக் கொடுக்காமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து நேரத்தைப் பாருங்கள். ஆம்புலன்சில் வருபவரிடம் முதல் வாக்கியமாகவே "தினமும் குடிப்பவர், கடைசியாக இத்தனை மணிக்குக் குடித்தார்" என்று சொல்லுங்கள். வெட்கப்பட்டு அதை மறைத்தால், குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் கொடுக்க வேண்டிய தயாமின் ஊசி தவறிப்போகும்.